நிறுத்துக் கொடுப்பதா, மதிப்பில் கொடுப்பதா? ஹஜ்ஜுக்கு முன் ஐந்து ஆடு விற்ற கணக்கு

2025இல் ஹஜ்ஜுப் பெருநாள் ஜூன் 7ஆம் திகதி வந்தது. அதற்கு மூன்று கிழமைக்கு முன்னால், எங்கள் தம்பலகாமம் வளவுக்கு வழக்கமாக வருகிற வியாபாரி கிண்ணியாவில் இருந்து வந்தார். கொட்டிலில் விற்கக்கூடிய ஆடுகள் ஐந்து நின்றன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் போய், இடுப்புக்குச் சற்று முன்னால் முதுகெலும்பின் இரு பக்கமும் விரலை வைத்து அழுத்தினார். சதை பிடித்திருக்கிறதா, எலும்பு குத்துகிறதா என்பது அந்த இடத்தில்தான் தெரியும். மயிர் அடர்ந்த ஆட்டைக் கண்ணால் மட்டும் பார்த்தால் ஏமாற்றிவிடும்.

எல்லாம் பார்த்து முடித்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, தராசு வேணுமெண்டா தராசு, மதிப்பு வேணுமெண்டா மதிப்பு. நிறுத்தா கிலோ 1,500, ஆட்டுக்கு ரெண்டு கிலோ வயித்துக் கழிவு. மதிப்பெண்டா அஞ்சும் சேர்த்து ரெண்டு லட்சத்து முப்பது. உங்கட விருப்பம்."

யோசித்துச் சொல்கிறேன் நானா என்று அனுப்பிவிட்டு, மறுநாள் காலையில் ஐந்தையும் நானே நிறுத்தேன். மொத்தம் 162 கிலோ. ஆட்டுக்கு இரண்டு கிலோவாகப் பத்தைக் கழித்தால் 152. கிலோ 1,500 வீதம் 228,000 ரூபா. அவர் மதிப்பில் சொன்னது 230,000. தராசையே தொடாமல், விரலால் அழுத்திப் பார்த்து அவர் சொன்ன தொகைக்கும் தராசுக் கணக்குக்கும் 2,000 ரூபாதான் வித்தியாசம்!

அப்படியானால் எதைத் தெரிவு செய்தாலும் ஒன்றுதானே என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் ஆடு ஆடாகப் பிரித்துக் கணக்குப் போட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

நின்றவை இவை. ஜமுனாபாரிக் கலப்பில் பெரிய கிடாய் ஒன்று, நான்கு பல் போட்டது, 46 கிலோ. அதே வயதில் இன்னொரு கிடாய், 38 கிலோ. இதன் இடது காதில் நாய் கடித்து ஒரு துண்டு போயிருந்தது. நலமடித்த, அதாவது காயடித்த, கிடாய் ஒன்று, இரண்டு பல், 31 கிலோ. ஆறேழு ஈற்றுக் கண்ட கிழட்டு மறி ஒன்று, 29 கிலோ, இடுப்பில் எலும்பு தெரியும். கடைசியாக ஒன்பது மாதக் கிடாய்க்குட்டி, 18 கிலோ.

இந்த ஐந்தையும் ஒரே கிலோ விலையில் கொடுத்தால் லாபம் யாருக்கு? கிழட்டு மறிக்கு. அதைத் தனியாக மதிப்பில் கேட்டேன். 25,000க்கு மேல் ஏறவே மாட்டேன் என்றார். தராசில் போட்டால் அதே மறிக்கு 40,500 ரூபா வருகிறது. அதை அவர் ஏன் சம்மதிக்கிறார்? பெரிய கிடாய் தராசில் 66,000க்கு அவர் கைக்குப் போகிறது. பெருநாளில் அறுத்துக் கொடுக்கிற குர்பானுக்கு அது என்ன விலைக்குப் போகும் என்று அவருக்குத் தெரியும். மறியில் விடுகிற காசைக் கிடாயில் எடுத்துவிடுவார், அதற்கு மேலும் எடுப்பார். மதிப்பில் ஐந்தையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசுவதும் இதே கணக்குத்தான்; நல்ல ஆட்டின் விலையைக் கெட்ட ஆட்டின் விலையோடு கலந்து மூடிவிடுவது.

ஆகவே நான் வந்து சேர்ந்த முடிவு இது: எல்லா ஆட்டையும் ஒரே வழியில் விற்பதுதான் பிழை. இறைச்சிக்காக மட்டும் வாங்கப்படுகிற ஆட்டை நிறுத்துக் கொடுக்க வேண்டும். வடிவுக்கும் வயதுக்கும் குறையில்லாத உடம்புக்கும் வாங்கப்படுகிற ஆட்டை மதிப்பில், ஒவ்வொன்றாக, கொடுக்க வேண்டும். ஆனால் மதிப்பில் கொடுக்கும் ஆட்டையும் முதலில் நிறுத்துப் பார்த்துவிட வேண்டும். எடை தெரியாமல் மதிப்புப் பேசப் போனால், வாங்க வருகிறவருக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியாமல் இருக்கும்.

நிறுப்பதில் என்ன பிழை வரும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், காசு கசிவது பெரும்பாலும் அங்கேதான்.

முதலாவது, தராசு. வியாபாரி கொண்டு வந்தது தொங்கவிடுகிற கம்பிச்சுருள் தராசு. மரத்தில் கட்டித் தொங்கவிட்டபோது, கொழுக்கியில் எதுவும் இல்லாத நேரத்தில், ஊசி பூச்சியத்துக்குச் சற்றுக் கீழே நின்றது. வெயிலில் நின்று பார்க்கிறவருக்கு அது கண்ணில் படாது. வீட்டில் வாய் திறக்காத 25 கிலோ அரிசி மூட்டை ஒன்று இருந்தது. அதைத் தூக்கி மாட்டினேன், 23½ காட்டியது. அவர் சிரித்துக்கொண்டு "பழசாப் போச்சு தம்பி" என்றார். அவருக்கு முன்பே தெரியுமா தெரியாதா என்று நான் ஆராயப் போகவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள்: ஆட்டுக்கு ஒன்றரைக் கிலோ, ஐந்து ஆட்டுக்கு ஏழரைக் கிலோ, 11,250 ரூபா. மரக்கறிக் கடைக்காரர் ஒருவரிடம் டிஜிட்டல் தராசை இரவல் வாங்கி வந்துதான் நான் நிறுத்திருந்தேன். அதுவும் அதே அரிசி மூட்டைக்கு 25.1 காட்டிய பிறகுதான். அந்த 100 கிராம் மூட்டையின் பாரம்.

இரண்டாவது, நேரம். ஆட்டின் வயிறு பெரிய பை. மேய்ந்துவிட்டுத் தண்ணீர் குடித்து வந்த ஆட்டுக்கும் இரவு முழுக்க அசைபோட்டுவிட்டு நிற்கிற ஆட்டுக்கும் எடை நன்றாக வித்தியாசப்படும். நலமடித்த கிடாயை மாலை ஐந்தரைக்கு நிறுத்தபோது 33.4 கிலோ. அடுத்த நாள் விடிய, குழை போடுவதற்கு முன் நிறுத்தபோது 31. இரண்டு கிலோ நானூறு எங்கே போனது என்று கேட்டால், கொட்டிலைக் கூட்டினவருக்குத்தான் தெரியும். ஆகவே "வயிற்றுக் கழிவு" கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை, மாலையில் நிறுத்தால். விடியப்புறம் வெறும் வயிற்றில் நிறுத்துவிட்டு, அதன் மேல் இன்னும் இரண்டு கிலோ கழிப்பது ஒரே கழிவை இரண்டு முறை எடுப்பது.

அதிலும் ஆட்டுக்கு இவ்வளவு என்று ஒரே அளவாகக் கழிப்பது சின்ன ஆட்டைத்தான் கடிக்கும். 46 கிலோக் கிடாயில் இரண்டு கிலோ போனால் பெரிதாகத் தெரியாது. 18 கிலோக் குட்டியில் இரண்டு கிலோ என்றால் ஒன்பதில் ஒரு பங்கு. கழிவு கொடுத்தே ஆக வேண்டும் என்றால் நூற்றுக்கு இவ்வளவு என்று பேசுங்கள். அல்லது விடிய ஆறு மணிக்கு வாருங்கள், கழிவு இல்லை என்று சொல்லுங்கள். நான் கடைசியில் ஒரு கிலோவுக்குச் சம்மதித்தேன், விடியத்தான் நிறுத்தோம் என்றாலும். மனுஷர் எரிபொருள் செலவழித்து வந்திருக்கிறார், சரி.

மறுபக்கத்துத் தந்திரமும் உண்டு, அதையும் சொல்லத்தானே வேண்டும். நிறுக்கிற நாளுக்கு முதல் நாள் உப்புக் கலந்து கொடுத்துத் தண்ணீர் குடிக்கப் பண்ணுவது, சோறும் நெல்லும் அள்ளி வைப்பது. எனக்குத் தெரிந்த ஒருவர் பழக்கமில்லாத ஆட்டுக்கு ஒரு பெரிய சட்டி நெல் வைத்தார். ஆடு ஆசையாகத் தின்றது. அடுத்த நாள் வயிறு உப்பி, அசைபோடுவதை நிறுத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மூலையில் நின்றது. பிறகு தண்ணீராகக் கழிந்து, அதற்கும் அடுத்த நாள் படுத்தது எழும்பவில்லை. குழை தின்று பழகிய வயிற்றில் திடீரென்று தானியம் நிறைந்தால் புளித்து அமிலமாகிவிடும். அந்த அமிலம்தான் கொல்லும். இரண்டு கிலோ எடைக்கு ஆசைப்பட்டு 30 கிலோ ஆட்டைப் புதைத்தார். தானியம் கொடுக்க விரும்பினால் ஒரு கைப்பிடியில் தொடங்கி இரண்டு கிழமையில் மெதுவாக ஏற்ற வேண்டும்.

தராசு கிடைக்காத இடத்தில் தையல்காரரின் அளவு நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால், நெஞ்சைச் சுற்றி ஓர் அளவு. தோள் முனையில் இருந்து வாலடி எலும்பு வரை நீளம் இன்னோர் அளவு. இரண்டும் சென்டிமீற்றரில். சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 10,840ஆல் பிரித்தால் கிலோ வரும். பெரிய கிடாய்க்குச் சுற்றளவு 82, நீளம் 74. 82 × 82 × 74 ÷ 10,840 = 45.9. தராசு 46 காட்டியது. எப்போதும் இவ்வளவு கிட்ட வராது; இரண்டு மூன்று கிலோ அங்கே இங்கே போகும். ஆடு தலையைக் குனிந்தாலே அளவு மாறிவிடும். ஆனால் நாடா நெஞ்சை அளக்கிறது, வயிற்றை அல்ல. அதனால் தின்றுவிட்டு வந்த எடைக்கு நாடா பெரிதாக ஏமாறாது. வாங்கப் போகிறவர்களுக்கும் இது உதவும்.

இனி மதிப்பில் விற்பது. ஹஜ்ஜுக்கு வாங்க வருகிறவர் முதலில் பார்ப்பது எடையை அல்ல, வாயை. ஆட்டுக்கு முன்பல் கீழ்த்தாடையில் மட்டும்தான், எட்டு. ஏறத்தாழ ஒரு வயது கழிந்த பிறகு நடுவில் உள்ள இரண்டு பால்பல் விழுந்து அகலமான இரண்டு பல் முளைக்கும். இரண்டு வயதை ஒட்டி அடுத்த இரண்டு. எங்கள் பகுதி முஸ்லிம்களில் கூடுதலானோர் ஷாபி மத்ஹபைப் பின்பற்றுகிறவர்கள். அந்த வழியில் குர்பான் கொடுக்கிற வெள்ளாட்டுக்கு இரண்டு வயது நிறைந்திருக்க வேண்டும். ஒரு வயது போதும் என்று எடுப்பவர்களும் இருக்கிறார்கள். இதை அறியாமல் "நல்ல கொழுத்த ஆடு நானா" என்று நாம் கத்திக்கொண்டிருப்பதில் பயன் இல்லை. என்னுடைய நலமடித்த கிடாயைப் பார்க்க முதலில் வந்த பெரியவர் உதட்டை விலக்கிப் பார்த்தார், இரண்டு பல், "வயசு பத்தாது தம்பி" என்று விட்டுவிட்டுப் போனார். ஆட்டில் குறை இல்லை. அவருக்குரிய ஆடு அதுவல்ல, அவ்வளவுதான். நலமடித்ததைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை. அது தடை இல்லை, இறைச்சி வீச்சம் இல்லாமல் இருக்கும் என்று விரும்பியே எடுக்கிறார்கள்.

அடுத்தது உடம்பு. கண் குருடு, தெரிகிற நொண்டல், தெரிகிற நோய், எலும்பில் மச்சை இல்லாத மெலிவு, இவை நான்கும் கூடாது. காதில் துண்டு போன ஆட்டையும் எடுக்க மாட்டார்கள். நாய் கடித்த என் 38 கிலோக் கிடாய் அங்கேதான் அடிபட்டது. வயதும் சரி, உடம்பும் சரி, ஆனால் காது. அந்த நாயின் ஒரு கடி எனக்கு 20,000 ரூபாவுக்குக் குறையாமல் நட்டம். அடையாளத்துக்காகக் குட்டியின் காதை வெட்டிவிடுகிற வழக்கம் எங்கள் பக்கத்தில் இன்னும் சிலரிடம் இருக்கிறது. கிடாய்க்குட்டியின் காதில் மட்டும் கத்தி வைக்காதீர்கள். கழுத்தில் கயிறு கட்டுங்கள், கொம்பில் பெயின்ற் பூசுங்கள்.

பெரிய கிடாயை மூன்று பேர் பார்த்தார்கள். தொங்கு காது, வளைந்த மூக்கு, வெள்ளையில் செம்மண் நிறப் படை. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்து பார்த்தவர்கள் எடையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கோ மனதில் ஒரு தரை விலை இருந்தது: 46ஐ 1,500ஆல் பெருக்கினால் 69,000. இதற்குக் கீழே எவர் கேட்டாலும் பேச்சை வளர்க்கத் தேவையில்லை. நான் 110,000 சொன்னேன். ஒருவர் 80,000 என்றார், இன்னொருவர் 85,000 வரை வந்து மறுநாள் சொல்கிறேன் என்று போனவர் போனவர்தான். மூன்றாமவர் இரண்டு தடவை வந்து 95,000க்கு முடித்தார். கிலோவுக்குப் பார்த்தால் 2,000க்குக் கொஞ்சம் மேல். இரண்டு பல் கிடாயை ஒரு வயது போதும் என்கிற குடும்பம் ஒன்று 58,000க்கு எடுத்தது.

மதிப்பில் விற்பதில் ஒரு பொல்லாத இடம் இருக்கிறது. விலை பேசி முடிந்த நாளும் ஆட்டைக் கொண்டுபோகிற நாளும் ஒன்றல்ல. ரவுணுக்குள் இருப்பவர்களுக்குக் கட்டி வைக்க இடம் இல்லை. பெருநாளுக்கு முதல் நாள் வரை உங்களிடமே நிற்கட்டும் என்பார்கள். அந்த நாட்களில் தீனி யாருடையது? ஆடு கொழுத்தால் அந்தக் கொழுப்பு வாங்கினவருக்கு. காலை ஊன்றாமல் நொண்டினால், அல்லது இருமத் தொடங்கினால், அந்த ஆடு குர்பானுக்கு ஆகாது, அவர் எடுக்க மாட்டார், நட்டம் உங்களுக்கு. நிறுத்துக் கொடுப்பதில் இந்தத் தொல்லை இல்லை. தராசில் ஏறுகிற நிமிடம் வரை கூடுவதும் குறைவதும் உங்களுடையது, அதற்குப் பிறகு அவருடையது.

இதில் நான் சூடு கண்டவன். அதற்கு முந்திய வருடம் ஒரு கிடாயை ஐயாயிரம் அச்சாரத்துக்குப் பேசிவிட்டு 24 நாள் தவிடும் புண்ணாக்கும் வைத்துப் பார்த்தேன். வாங்கினவர் பெருநாளுக்கு முதல் நாள் மாலையில் வந்து, இதைவிட மலிவாக வேறு கிடைத்துவிட்டது, அச்சாரத்தை வைத்துக்கொள்ளுங்கள் என்றார். பெருநாளுக்கு முதல் நாள் மாலையில் ஒரு கிடாயோடு நிற்கிறவனிடம் யார் நல்ல விலை கேட்பார்கள்? ஆகவே இந்த முறை 95,000க்கு 30,000 முற்பணம் வாங்கினேன். தீனிக்கு நாளொன்றுக்கு 150 ரூபா தனியாக. நொண்டினாலோ நோய் கண்டாலோ முற்பணத்தைத் திருப்புவேன், மனம் மாறினால் திருப்ப மாட்டேன். இதை ஒரு கொப்பித் தாளில் எழுதி இருவரும் ஒப்பம் வைத்தோம். கிடாயை அன்றிலிருந்து மேய்ச்சலுக்கு விடவில்லை. இப்பிலிப்பில் குழையும் பூவரசம் குழையும் வெட்டிக் கொட்டிலிலேயே போட்டேன். வைகாசி, ஆனியில் எங்கள் பக்கம் கச்சான் காற்று வீசிப் புல் எல்லாம் காய்ந்துபோய்க் கிடக்கும். கண்ட முள்ளுக்குள்ளும் வேலிக்குள்ளும் தலையை விடுகிற காலம் அது.

பெரியதும் நலமடித்ததும் கைவிட்டுப் போய்விட்டது என்று தெரிந்ததும் வியாபாரியின் கிலோ விலை இறங்கியது. எதிர்பார்த்ததுதான். காது போன கிடாய்க்கு 1,400, மறிக்கு 1,200. ஆட்டுக்கு ஒரு கிலோ கழித்து, கிடாய் 51,800, மறி 33,600. மறியை இதைவிட இழுக்க முயன்றிருந்தால் விட்டுவிட்டுப் போயிருப்பார். மெலிந்த கிழட்டு ஆட்டில் தோல், தலை, குடல் போக இறைச்சி குறைவாகத்தான் விழும்; நல்ல கிடாயில் எடையில் பாதிக்குக் கிட்ட வந்தால் மறியில் பாதிக்கு எவ்வளவோ கீழே. அவர் கேட்டது அநியாயம் இல்லை.

நான்கு ஆட்டுக்கும் சேர்த்து 238,400 ரூபா. இதே நான்கையும் அவர் முதலில் சொன்ன தராசுக் கணக்கில் கொடுத்திருந்தால் 204,000. நடுவில் இருக்கிற 34,400இல் மூன்று கிழமைத் தீனி, தொலைபேசி, வந்து பார்த்துவிட்டுப் போனவர்களுக்குத் தேநீர் என்று 6,000 போல் போனது. என் நேரத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை. வேலைக்குப் போகிறவர், வீட்டில் ஆள் இல்லாதவர் என்றால் இந்தப் பாட்டுக்குப் போகாமல், தராசைச் சரிபார்த்து, விடியற்காலையில் ஐந்தையும் நிறுத்துக் கொடுத்துவிடலாம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. குர்பானுக்குத் தகுந்த கிடாய் ஒன்றுகூட இல்லாத பட்டி என்றாலும் அப்படித்தான். ஐந்தையும் சேர்த்து ஒரே தொகைக்குக் கொடுப்பதை மட்டும் நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

18 கிலோக் குட்டியை விற்கவில்லை. ஹஜ்ஜுக்கு வயது காணாது, நிறுத்தால் கழிவே தின்றுவிடும். ஒக்டோபர் 20 தீபாவளி வரை வைத்திருந்தேன். வறட்சியில் மெதுவாகத்தான் ஏறியது, ஐந்து மாதத்தில் ஆறு கிலோ சொச்சம். அயலில் நான்கு வீட்டார் பங்கு போட்டு எடுக்க வந்தார்கள். பங்குக்காரர்களுக்கு நிறுவைதான் சரி, நாலாகப் பிரிக்கிற காசில் சண்டை வராது. விடிய ஆறு மணிக்கு, வெறும் வயிற்றோடு குட்டியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு மாமரத்தடிக்கு வந்தேன். தராசு கட்டியாகிவிட்டது. பக்கத்து வீட்டு அண்ணர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அரிசி மூட்டை எங்க தம்பி?" என்றார். உள்ளே போய்த் தூக்கிக்கொண்டு வந்தேன்.